மண் விழுங்குமா? ஈயக்குட்டைச் சேற்றில் கால் புதைந்தால் வெளியே வரும் வழி

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அந்தக் குழிக்குள் விழுந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் மலாய்ச் செய்திகளில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் 'தானா ஜெர்லுஸ்'. புதைமணலுக்கும் மலாயில் 'பாசிர் ஜெர்லுஸ்' என்றுதான் பெயர். இரண்டிலும் 'ஜெர்லுஸ்' இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். 'மண் ஆளை விழுங்கிவிட்டது' என்று இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம்.

உண்மையில் இவை இரண்டும் முற்றிலும் வேறானவை. மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதைக்கு அடியில் மண்ணே இல்லாமல் வெற்றிடம் உருவாகியிருந்தது. மேலே இருந்த மெல்லிய தளம் உடைந்ததும் சுமார் 8 மீட்டர் ஆழக் குழி திறந்துகொண்டது. அடியில் தண்ணீர் ஓடும் கழிவுநீர்க் குழாய்ப் பாதை. அதில் விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. புதைமணலில் அப்படியில்லை. அங்கே காலுக்கு அடியில் மண் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் சேர்ந்த அந்தக் கலவை மனித உடலைவிடக் கனமானது. அதனால்தான் அது ஆளை முழுதாக விழுங்க முடியாது. ஓர் அளவுக்கு மேல் இழுக்கவும் முடியாது.

இதை ஸ்ரீ கெம்பாங்கான் மக்களுக்கு விளக்கிச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி பழைய ஈய நிலம். இன்று மைன்ஸ் பேரங்காடிக்குப் பக்கத்தில் படகு ஓடும் அந்த ஏரி, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த ஹோங் ஃபாட் சுரங்கத்தின் பள்ளம். சுங்கை பெசி, பூச்சோங், செர்டாங் பக்கமெல்லாம் இப்படிப் பல குட்டைகள் இருந்தன. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு, எஞ்சியிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரிய பள்ளங்கள் ஏரிகளாயின. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மிச்சமிருக்கும் குட்டைகளின் ஓரத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமையானால் திலாப்பியா பிடிக்கத் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்டேட்டிலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு அது ஒரு பழக்கம், அதில் தவறும் இல்லை. ஆனால் அந்த ஓரங்களில் எல்லா மண்ணும் ஒரே மாதிரி மண் அல்ல.

ஈயத்தைப் பிரித்தெடுத்த முறையைப் பார்த்தால் இது புரியும். பம்பு வைத்துத் தோண்டிய சுரங்கங்களில் மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சி அடித்து, கரைந்து வந்த கலவையை உயரமான பலகைச் சாரத்தின் மேலேற்றி ஓட விடுவார்கள். அந்தச் சாரத்துக்குப் 'பாலோங்' என்று பெயர். பழைய ஆட்களுக்குத் தெரியும். ஈயத் தாது கனமானது என்பதால் பாலோங்கின் குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும். மீதி மணலும் களியும் தண்ணீரோடு கீழே போய்விடும். மணல் கனமானதால் வாய்க்கால் முனைக்குப் பக்கத்திலேயே குவியும். இன்றும் அந்தக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று புல் சரியாக முளைக்காமல் கிடப்பதைப் பார்க்கலாம். மாவு போன்ற நுண்ணிய களி மட்டும் தண்ணீரில் மிதந்துபோய், குட்டையின் தூரக் கோடியில் மெல்ல மெல்லப் படியும். 

ஆக, ஒரே குட்டையின் ஒரு முனை மணல், மறு முனை சேறு. ஆபத்தான இடம் அந்தச் சேற்று முனைதான். களித் துகள்கள் மிகவும் நுண்ணியவை. அவற்றுக்கிடையே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். மேலே வெயில் பட்டு ஒரு சாண் கனத்துக்கு ஓடு மாதிரிக் காய்ந்துவிடும். வெடிப்பு விட்டு, பார்ப்பதற்குக் காய்ந்த வயல் போலத் தெரியும். அதன் கீழே பல மீட்டருக்கு இன்னும் கஞ்சிப் பதம்தான். சுரங்கம் மூடி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டதே, இனி என்ன பயம் என்று நினைத்து நடப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சரி, கால் வைத்ததும் என்ன நடக்கிறது?

கடற்கரையில் அலை ஒதுங்கிய ஈர மணலில் நின்று பாதத்தால் படபடவென்று தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் சட்டென்று தளதளத்து, காலைச் சுற்றித் தண்ணீர் ஊறும். தட்டுவதை நிறுத்தினால் மறுபடி இறுகிவிடும். புதைமணலின் சூட்சுமம் முழுவதும் இந்த விளையாட்டில் இருக்கிறது. மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கப்படாமல், சீட்டுக்கட்டு வீடு மாதிரி இடைவெளியோடு நிற்கின்றன. இடைவெளியில் தண்ணீர். சும்மா இருக்கும்வரை அந்த அடுக்கு பாரத்தைத் தாங்கும். மிதித்ததும் அடுக்கு குலைகிறது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்குவதற்குப் பதிலாகத் தண்ணீரில் மிதக்கத் தொடங்குகின்றன. அந்த நொடியில் மண் திரவமாகிவிடுகிறது, கால் உள்ளே போகிறது.

இந்த முதல் நொடியில் யாருக்கும் பெரிய தீங்கு வருவதில்லை. தொல்லை அடுத்த கட்டத்தில். குலைந்த மணல் சும்மா இராது. கீழே போய், இப்போது முன்னைவிட நெருக்கமாகப் படிகிறது. எங்கே? நம் கணுக்காலையும் முழங்காலையும் சுற்றி. மேலே தண்ணீரும் கீழே இறுகிய மணலுமாக அது பிரிந்துவிடுகிறது. நாம் எவ்வளவு உதறுகிறோமோ அவ்வளவுக்குப் புதிய மணல் குலைந்து காலடியில் வந்து இறுகும். மண் நம்மைக் கீழே இழுப்பது போலத் தோன்றுவது இதனால்தான். மண்ணுக்கு இழுக்கும் சக்தி எதுவும் கிடையாது. பிடித்து வைத்துக்கொள்ளும் சக்திதான் உண்டு.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்கள் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் போன் குழுவினர். ஈரானின் கும் நகருக்கு அருகே ஓர் உப்பு ஏரிக் கரையில், ஒட்டகங்களே மறைந்து போனதாக ஆடு மேய்ப்பவர்கள் கதை சொன்ன இடத்திலிருந்து புதைமணலை எடுத்து வந்து சோதித்தார்கள். முடிவு 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. நுண்மணல், கொஞ்சம் களி, உப்புத் தண்ணீர் ஆகியவை சேர்ந்த அந்தக் கலவையில், மனித உடலின் அடர்த்தி உள்ள பொருள் எவ்வளவு குலுக்கினாலும் முழுதாக மூழ்கவில்லை. பாதியோடு நின்றுவிட்டது. ஆனால் இறுகிய மணலில் சிக்கிய ஒரு பாதத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் வெளியே இழுக்க எவ்வளவு விசை தேவை என்று கணக்கிட்டபோது, அது ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவுக்கு வந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒரு மைவி காரின் பாரம்.

பாதியோடு ஏன் நிற்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கால் பார்த்துவிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் ஏறக்குறைய 60 லிட்டர் இடத்தை அடைக்கும். நாம் தண்ணீரின் கனமே உள்ளவர்கள் என்பதால்தான் மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீரில் மிதக்கிறோம். ஒரு லிட்டர் புதைமணலோ கிட்டத்தட்ட 2 கிலோ இருக்கும். 60 கிலோ ஆளைத் தாங்க 30 லிட்டர் புதைமணல் விலகினால் போதும். அதாவது உடலில் பாதி. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே போனதும் ஆள் மிதக்கத் தொடங்கிவிடுவார். சினிமாவில் வில்லன் தலை மறைந்து, கடைசியில் தொப்பி மட்டும் மிதக்குமே, அது நடக்காத காரியம்.

ஈயக்குட்டைச் சேற்றுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் மணல் குறைவு, களியும் தண்ணீரும் அதிகம். அதனால் புதைமணலைவிட இலேசானது. ஒரு லிட்டர் 1.4 கிலோ உள்ள சேறு என்று வைத்துக்கொள்வோம். அதே 60 கிலோ ஆளைத் தாங்க ஏறக்குறைய 43 லிட்டர் விலக வேண்டும். இடுப்போடு நிற்க வேண்டியவர் மார்புவரை போவார். தலை வெளியேதான் இருக்கும். ஆனாலும் மார்புவரை சேற்றில் நிற்பவர் பதறி முன்பக்கமாக விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சேற்றின் மேல் அரை மீட்டர் தண்ணீர் தேங்கியிருந்தாலும் அதே ஆபத்துதான். புதைமணல் கொல்லாது என்று சொல்வது, சேற்றில் சிக்கியவருக்கு ஆபத்தே இல்லை என்று சொல்வதாகாது. கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இதற்குக் கிள்ளான் பக்கத்துக் கடலோரச் சேறு நல்ல உதாரணம். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஏற்றத்தின்போது கடல் மட்டம் இறக்கத்தைவிட சுமார் 4 மீட்டர் உயர்கிறது. இறக்கத்தில் முழங்கால்வரை சேற்றில் சிக்கி அசையாமல் இருக்கும் ஒருவருக்கு, மண்ணைவிடக் கடிகாரம்தான் எதிரி. 2004 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில், சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் இறந்தார்கள். புதைமணலுக்குப் பேர்போன இடம் அது. ஆனால் அவர்களின் உயிரைப் பறித்தது வேகமாக ஏறிய கடல்நீர்.

பழைய சுரங்கப் பக்கத்துக் கதைகளில் இயந்திரத்தைச் சேறு முழுங்கிவிட்டது என்று ஒன்று வரும். இதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். இரும்பு தண்ணீரைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு கனம், புதைமணலைப் போல் நான்கு மடங்கு. மண்வாரி இயந்திரம் அதில் மூழ்கவே செய்யும். அதே சேற்றில் அதை ஓட்டியவர் மிதப்பார். அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் விட்டு விலகினால், அவ்வளவுதான் வேண்டியது.

இனி வெளியே வரும் வழி. குட்டை ஓரமாகத் தூண்டில் போட நடந்த ஒருவருக்கு ஓடு உடைந்து, ஒரு கால் முழங்காலுக்கு மேல் போய்விட்டது, அடுத்த காலும் பின்னாலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறார். தோளில் பை.

அவர் முதலில் செய்ய வேண்டியது பையைக் கழற்றிப் பக்கத்தில் போடுவது. கூட வந்தவர் ஓடி வந்து கைகொடுக்கப் பார்ப்பார். அவரை 'அங்கேயே நில்லுங்க அண்ணே' என்று நிறுத்த வேண்டும். ஓடு உடைந்த இடத்தைச் சுற்றி எல்லாமே பலவீனம்தான். இருவர் சிக்கினால் ஆள் அனுப்ப யாரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்து, நின்றபடியே இருக்கக் கூடாது. நிற்கும்போது முழு எடையும் இரண்டு பாதங்களின் மேல் இறங்குகிறது. நாற்காலியில் சாய்வது போல மெதுவாகப் பின்னால் சாய்ந்து, முதுகையும் விரித்த கைகளையும் சேற்றின் மேல் பரப்ப வேண்டும். எடை பரவியதும் இறங்குவது நின்றுவிடும். பலருக்கு இது மனம் ஒப்பாத காரியம், ஏனென்றால் முதுகு சேற்றில் படுவதே மூழ்குவது போலத் தோன்றும். ஆனால் நீச்சல் தெரிந்தவர் தண்ணீரில் மல்லாந்து மிதப்பது போலத்தான் இது. தண்ணீரைவிட இங்கே மிதப்பது எளிது. தூண்டில் கம்போ, தென்னை மட்டையோ, பலகையோ கைக்கு எட்டினால் முதுகுக்கடியில் குறுக்காகச் செருகிக்கொள்ளலாம்.

பிறகு கால். இங்கேதான் பொறுமை வேண்டும். காலை மேல்நோக்கி இழுத்தால் பாதத்துக்கு அடியில் வெற்றிடம் உருவாகப் பார்க்கும். அந்த இடத்தை நிரப்ப இறுகிய மணலுக்குள் தண்ணீர் அவ்வளவு வேகமாக வர முடியாது. அதனால்தான் அந்த மைவி பாரம். ஆகவே இழுக்காமல், ஒரு காலை மட்டும் சின்னச் சின்னதாக முன்னும் பின்னும், பிறகு வட்டமாகவும் அசைக்க வேண்டும். ஒவ்வோர் அசைவிலும் காலைச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி விழுந்து, மேலே நிற்கும் தண்ணீர் அதன் வழியே கீழே இறங்கும். தண்ணீர் இறங்கிய அளவுக்கு மணல் தளரும். தளர்ந்த அளவுக்குக் கால் மேலே வரும். விரல் கனம் விரல் கனமாக முன்னேறினாலே போதும். ஈயக்குட்டைக் களியில் மேலே தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். அப்போது கையில் இருக்கும் போத்தல் தண்ணீரைத் தொடையோரமாக ஊற்றிக்கொண்டே அசைப்பது உதவும். ரப்பர் பூட்ஸ் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதைக் காப்பாற்ற நினைக்காமல் காலை மட்டும் உருவிக்கொள்வதே நல்லது. பூட்ஸ் விலை 30 வெள்ளியோ 40 வெள்ளியோ, விட்டுவிடலாம்.

ஒரு கால் சேற்றின் மேல்மட்டத்துக்கு வந்ததும் அதை மேலேயே நீட்டி வைத்துக்கொண்டு, அடுத்த காலைத் தொடங்க வேண்டும். மறுபடி கீழே ஊன்றினால் செய்த வேலை அத்தனையும் வீண். அரை மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மூச்சு வாங்கினால் மல்லாந்தபடியே ஓய்வெடுக்கலாம், இப்போது மூழ்கப் போவதில்லை. இரண்டு காலும் வந்த பிறகு எழுந்து நிற்கக் கூடாது. வந்த வழியே, முன்பு தாங்கிய தரையை நோக்கி உருண்டோ, முதுகால் நீந்துவது போலக் கைகளால் தள்ளியோ போக வேண்டும். கடலோரச் சேற்றில் கெராங் பொறுக்குகிறவர்கள் பலகையின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் உந்திச் சறுக்கிப் போவதும் இதே எடை பரப்பும் உத்திதான்.

கரையில் இருப்பவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு. கயிற்றை இடுப்பில் கட்டி மோட்டார் சைக்கிளாலோ காராலோ இழுக்கக் கூடாது. இறுகிய மணல் காலை விடாது, வண்டியும் இழுப்பதை நிறுத்தாது. நடுவில் இருக்கும் மூட்டும் முதுகெலும்பும்தான் பாதிக்கப்படும். கயிறு கொடுக்கலாம். ஆனால் அது அவர் பிடித்துக்கொண்டு நிதானமாக இருப்பதற்கும், கால் விடுபட்ட பின் கரைக்குச் சறுக்கி வருவதற்கும் மட்டுமே. 999 எண்ணில் அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரவழைக்க வேண்டும். 'குட்டையில் விழுந்துவிட்டார்' என்று மட்டும் சொல்லாமல், 'சேற்றில் கால் சிக்கியிருக்கிறது, தலை வெளியே இருக்கிறது' என்று தெளிவாகச் சொன்னால், அதற்கேற்ற பலகை, ஏணி, கருவிகளோடு வருவார்கள். இத்தகைய மீட்பில் தேர்ந்தவர்கள் ஏணியைச் சேற்றின் மேல் கிடத்தி அதன்மேல் ஊர்ந்து சென்று, நீண்ட குழாயைக் காலோரமாக இறக்கி, தண்ணீரையோ காற்றையோ செலுத்துவார்கள். நாம் காலை அசைத்து மெதுவாகச் செய்ததைத்தான் குழாய் விரைவாகச் செய்கிறது.

மிதிப்பதற்கு முன்பே அடையாளம் காண முடியுமா என்றால், ஓரளவு முடியும். லாலாங் புல் ஓர் இடத்தில் கோடு போட்டது போல நின்று, அதற்கப்பால் வெளிர் சாம்பல் நிறத்தில் வெடிப்பு விட்ட தட்டையான தரை தொடங்கினால் அது பெரும்பாலும் பழைய சேற்றுப் படிவம். ஒரு காலை ஊன்றி இலேசாக அழுத்தும்போது சுற்றிலும் தரை அகர்-அகர் மாதிரி ஆடினால் பின்வாங்க வேண்டும். கையில் கம்பு இருந்தால் குத்திப் பார்க்கலாம். மேலே கெட்டியாக இருந்து ஒரு சாண் போனதும் எதிர்ப்பே இல்லாமல் சர்ரென்று இறங்கினால் அடியில் கஞ்சிதான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்த பிறகு, நேற்றுவரை தாங்கிய ஓடும் இன்று தாங்காமல் போகலாம். எட்டு வயதுப் பையன் ஓடிய இடத்தில் 80 கிலோ அப்பா போவதும் அப்படித்தான். பையனைத் தாங்கிய ஓடு அப்பாவையும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மஸ்ஜித் இந்தியாவில் நடந்ததுக்கு இவை எதுவும் பொருந்தாது. நடைபாதைக் கல் தொய்ந்திருந்தாலோ, சாலையில் புதிதாகப் பள்ளம் விழுந்து அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலோ, அங்கே மல்லாந்து படுத்து எடை பரப்பும் வேலையெல்லாம் கிடையாது. விலகிப் போய், மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, நகராண்மைக் கழகத்துக்கோ 999க்கோ தகவல் சொல்ல வேண்டும்.